சொந்தக் கிளையா, பிரான்சைஸா? வளரும் காரவகை நிறுவனங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முறுக்கு, மிக்சர், காராசேவு, தட்டை போன்றவற்றை ஒரே தயாரிப்புக்கூடத்தில் செய்து, நான்கைந்து கடைகளில் விற்றுக்கொண்டிருக்கும் நிறுவனங்களுக்குக் கணக்கு பார்க்கும் வேலையில், அடுத்த கடையை யார் பணத்தில் திறப்பது என்ற பேச்சு வந்தாலே இந்தக் கேள்விகளும் வந்துவிடுகின்றன. இவை தமிழ்நாட்டுச் சூழலை வைத்து எழுதப்பட்ட பதில்கள். கணக்கில் வரும் தொகைகள் ஓர் எடுத்துக்காட்டுக் கடைக்கு உரியவை. உங்கள் வாடகையையும் கூலியையும் அந்த இடங்களில் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போர்டு ஒன்றுதான், சரக்கும் ஒன்றுதான். அப்புறம் பிரான்சைஸுக்கும் சொந்தக் கிளைக்கும் என்னதான் வித்தியாசம்?

கடையின் லாபமும் நஷ்டமும் யார் கணக்கில் விழுகின்றன என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. சொந்தக் கிளையில் அட்வான்ஸ், உள் அலங்காரம், சரக்கு, ஆள் கூலி எல்லாம் நிறுவனத்தின் பணம். கல்லாவில் விழுவதும் நிறுவனத்தின் பணம். பிரான்சைஸில் இவையெல்லாம் கடை எடுத்தவருடையவை. அவர் உங்களிடம் சப்ளை விலைக்குச் சரக்கை வாங்கி, நீங்கள் அச்சிட்ட விலைக்கு விற்கிறார்.

காரவகைத் தொழிலில் இதற்குள் இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் வருமானம் இரண்டு இடங்களில் பிறக்கிறது: தயாரிப்புக்கூடத்தில் ஒரு லாபம், கடை மேசையில் ஒரு லாபம். முதல் லாபம் இரண்டு வழியிலும் உங்களுக்கே வருகிறது. ஆகவே ஒப்பிட வேண்டியது இரண்டாவது லாபத்தை மட்டும்தான். இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, சொந்தக் கடை பொன்னாக விளைகிறது என்று நினைக்கும் முதலாளிகளே அதிகம்.

கடையில் நிற்கும் லாபம் எவ்வளவு என்று ஒரு கணக்கைப் போட்டுக் காட்ட முடியுமா?

புறநகர்ப் பகுதி ஒன்றில் 250 சதுர அடிக் கடை, வரி நீங்கலாக மாதம் 6 லட்சம் ரூபாய் விற்பனை என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய், மாவு, எரிவாயு, மாஸ்டர் கூலி, பேக்கிங், வண்டி வாடகை எல்லாம் சேர்ந்து சரக்கின் அடக்கம் விற்பனை விலையில் 55 சதவீதம். சப்ளை விலை 75 சதவீதம். எனவே தயாரிப்புக்கூடத்துக்கு 1,20,000 ரூபாயும், கடைக்கு 1,50,000 ரூபாயும் நிற்கின்றன. கடையின் செலவில் வாடகை 35,000, மூன்று பேர் கூலி 48,000, மின்கட்டணம் 7,000, நொறுங்கியதும் நாள் கடந்ததும் 9,000, கேரி பேக் உள்ளிட்ட சில்லறைச் செலவு 11,000. மொத்தம் 1,10,000. கடை திறக்கப் போட்ட பணம் 15 லட்சம்: அட்வான்ஸ் 3.5 லட்சம், அலங்காரம் 8 லட்சம், தராசு, பில்லிங் இயந்திரம் போன்றவை 1.5 லட்சம், முதல் சரக்கு 2 லட்சம். இதில் அலங்காரமும் இயந்திரங்களும் ஐந்து ஆண்டில் தேய்ந்துவிடும் என்று கொண்டால், மாதம் சுமார் 16,000 ரூபாயைத் தேய்மானமாகக் கழிக்க வேண்டும்.

இந்தக் கடையை நிறுவனமே நடத்தினால், மேற்பார்வையாளர் சம்பளத்தின் பங்கு, கல்லாவில் கசிவது ஆகியவற்றுக்காக இன்னும் 20,000 ரூபாய் போகும். அதையும் தேய்மானத்தையும் கழித்தால் கடை லாபம் மாதம் 4,000 ரூபாய்தான். பிரான்சைஸாகக் கொடுத்தால், கடைக்காரர் தானே கல்லாவில் உட்காருவதால் ஓர் ஆள் கூலி 16,000 மிச்சமாகும். மேற்பார்வைச் செலவும் கசிவும் இருக்காது. தேய்மானம் போக அவருக்கு 40,000 ரூபாய் நிற்கும். அவருடைய உழைப்புக்குக் கூலியாக 16,000 ரூபாயை ஒதுக்கினாலும் மீதி 24,000. அவர் போட்ட 15 லட்சத்துக்கு அது ஆண்டுக்கு 19 சதவீதம் வருமானம். ஒரே கடை, ஒரே விற்பனை. உட்காருபவர் மாறியதும் கணக்கு இப்படி மாறுகிறது.

உங்கள் பக்கம் பார்த்தால், சொந்தக் கடையில் தயாரிப்பு லாபமும் கடை லாபமுமாக 1,24,000 ரூபாய். பிரான்சைஸில், அந்தக் கடையைப் போய்ப் பார்த்து வரும் செலவு 8,000 போக 1,12,000 ரூபாய். அதாவது 15 லட்சத்தை முடக்கி, கூடுதலாக மாதம் 12,000 ரூபாய் சம்பாதிக்கிறீர்கள். ஆண்டுக்கு 9.6 சதவீதம். வங்கியில் கடன் வாங்கிக் கடை திறந்திருந்தால் அது வட்டிக்குத்தான் சரியாக இருக்கும்.

அப்படியானால் சொந்தக் கடையே திறக்க வேண்டாம் என்கிறீர்களா?

இல்லை. அதே கடை 9 லட்சம் விற்கும் இடத்தில் இருந்தால் தீர்ப்பு தலைகீழாகிவிடும். வாடகை கூடவில்லை என்று வைத்தால், கூடுதலாக ஓர் ஆளையும் மற்றச் சிறு உயர்வுகளையும் சேர்த்து கடைச் செலவு 1,37,000, மேற்பார்வையும் கசிவும் 25,000, தேய்மானம் 16,000. கடை மேசையில் வரும் 2,25,000 ரூபாயில் இவை போக 47,000 நிற்கும். பிரான்சைஸ் கடைக்கு ஆகும் 8,000 ரூபாய் பார்வைச் செலவும் மிச்சம் என்பதால், சொந்தமாக வைத்திருப்பதன் பயன் மாதம் 55,000. சரக்கு இருப்பு கூடி முதலீடு 16 லட்சம் ஆனாலும் ஆண்டுக்கு 41 சதவீதம் கிடைக்கிறது.

வாடகையும் கூலியும் விற்பனை ஏறும் வேகத்தில் ஏறாததுதான் இதற்குக் காரணம். ஆகவே பேருந்து நிலைய வாசல், கோயில் வீதி, பெரிய மருத்துவமனையின் எதிர்ப்பக்கம் போன்ற, விற்பனை உறுதியாகத் தெரிந்த இடங்களைச் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். முதலாளியின் கண் கல்லாவில் இருந்தால் மட்டுமே லாபம் நிற்கும் நடுத்தர இடங்களை, அங்கேயே உட்காரப்போகும் ஒருவரிடம் கொடுக்கலாம். பல நிறுவனங்கள் இதற்கு நேர்மாறாக, முதலில் பணத்துடன் வந்தவருக்கு ஊரின் நல்ல இடத்தைக் கொடுத்துவிட்டு, கேட்க ஆளில்லாத இடங்களில் தாங்களே கடை திறக்கின்றன.

பெரிய கம்பெனிகள் எல்லாம் ராயல்டி வாங்குகின்றன. நாங்கள் எத்தனை சதவீதம் வைக்கலாம்?

சரக்கை நீங்களே செய்து கொடுக்கும்வரை ராயல்டியே வேண்டாம் என்பது என் கருத்து. மேலே சொன்ன 6 லட்சம் கடையில் 3 சதவீத ராயல்டி என்றால் 18,000 ரூபாய். கடைக்காரரிடம் கூலி போக நிற்கும் 24,000 ரூபாய் 6,000 ரூபாயாகச் சுருங்கிவிடும். 15 லட்சத்துக்கு ஆண்டுக்கு 4.8 சதவீதம். வங்கியில் வைப்புநிதியாகப் போட்டிருந்தால் அவர் வீட்டில் இருந்தபடியே அதைவிட அதிகம் வாங்கியிருப்பார்.

ராயல்டிக்கு இன்னொரு குறையும் உண்டு. அது பில் போட்ட விற்பனையின் மேல் வருவதால், பில் போடாமல் விற்பதற்கு நீங்களே ஒரு காரணத்தைக் கொடுத்தவராகிறீர்கள். வருமானத்தைச் சப்ளை விலைக்குள்ளேயே வைத்துக்கொண்டால், சரக்கு உங்கள் கூடத்தைவிட்டுக் கிளம்பும்போதே உங்கள் பங்கு வந்துவிடுகிறது. பெயரைப் பயன்படுத்துவதற்காகத் தொடக்கத்தில் ஒரு தொகை வாங்கலாம். ஆனால் ஆள் பயிற்சிக்கும் திறப்புக்கும் ஆகும் செலவை அது ஈடுகட்டினால் போதும். தொடக்கத் தொகைதான் பெரிய வருமானம் என்றாகிவிட்ட நிறுவனம், நாளடைவில் பலகாரம் விற்பதை விட்டுக் கடை விற்கத் தொடங்கிவிடும். தொடக்கத் தொகை, ராயல்டி இரண்டுக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு என்பதையும் பேச்சின்போதே சொல்லிவிடுவது நல்லது.

கடைக்காரருக்கு நஷ்டம் வந்தால் நமக்கென்ன? சரக்குக் காசு நமக்கு வந்துவிடுகிறதே?

இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய ஆபத்து இந்தக் கேள்விக்குள்ளேதான் இருக்கிறது. அதே கடை 4 லட்சம்தான் விற்கிறது என்றால், உங்களுக்குத் தயாரிப்பு லாபம் 80,000 ரூபாய் வந்துகொண்டே இருக்கும். கடைக்காரருக்கு வருவது 1,00,000. வாடகை, இரண்டு ஆள் கூலி, மற்றவை சேர்ந்து 88,000. நாள் முழுவதும் உட்கார்ந்தவர் கையில் 12,000 ரூபாய் நிற்கிறது. அவர் தன் கடையில் வேலைக்கு வைத்திருக்கும் ஆள் அவரைவிட அதிகம் வாங்குகிறார். அலங்காரத்துக்குப் போட்ட பணம் திரும்புவதாகவே இல்லை. உங்கள் கணக்குப் புத்தகத்தில் இது எதுவும் தெரியாது. அங்கே அது லாபம் தரும் கடை.

அந்த நிலையில் இருப்பவர் ஓராண்டுக்குப் பிறகு செய்பவை ஏறக்குறைய ஒரே வரிசையில் வரும். முதலில் ஓர் ஆளை நிறுத்துவார். பிறகு நாள் கடந்த பாக்கெட்டை அகற்ற மனம் வராது. அதன் பிறகு, உங்கள் சப்ளை விலையைவிடக் கிலோவுக்கு ஐம்பது அறுபது ரூபாய் குறைவாகக் கிடைக்கும் வெளிச்சரக்கை உங்கள் தகர டின்னிலேயே கொட்டி விற்பார். எனவே கடைக்காரரின் லாப நஷ்டத்தை நீங்கள் மாதாமாதம் போட்டுப் பார்க்க வேண்டும். வாடகை, கூலி, மின்கட்டணம் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்கினாலே முக்கால்வாசிக் கணக்கு தெரிந்துவிடும். தொடர்ந்து ஆறு மாதம் அவருடைய கூலிகூட நிற்கவில்லை என்றால், சப்ளை விலையை இறக்குவதா, சிறிய இடத்துக்கு மாற்றுவதா, மூடிவிடுவதா என்று நீங்களே பேச்சைத் தொடங்குங்கள்.

வெளிச்சரக்கு கலக்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எடையை வைத்துத்தான். ஒரு மாதத் தொடக்கத்தில் கடையில் 20 கிலோ மிக்சர் இருந்தது. நீங்கள் 180 கிலோ அனுப்பினீர்கள். மாதக் கடைசியில் உங்கள் ஆள் போய் நிறுத்துப் பார்த்தபோது 15 கிலோ இருக்கிறது. விற்றிருக்கக்கூடியது 185 கிலோ. பில்லில் 240 கிலோ என்று இருந்தால் 55 கிலோ வெளியிலிருந்து வந்திருக்கிறது. பில்லில் 150 கிலோதான் என்றால் 35 கிலோ பில் இல்லாமல் போயிருக்கிறது, அல்லது வீணாகியிருக்கிறது. மிக்சர், காராசேவு, முறுக்கு என்று அதிகம் ஓடும் மூன்று வகைகளுக்கு மட்டும் இதைச் செய்தால் போதும்.

வெளிச்சரக்கை பில்லே போடாமல் விற்பவரிடம் இந்தக் கணக்கு பலிக்காது. அங்கே கேரி பேக்கைப் பாருங்கள். பெயர் அச்சிட்ட பைகளை உங்களிடமிருந்துதான் வாங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், சரக்கு ஆர்டர் மூன்று மாதமாகக் குறைந்துகொண்டே வரும்போது பை ஆர்டர் மட்டும் குறையாமல் இருப்பது கண்ணில் படும். பழகிய மாஸ்டர் ஒருவரை அழைத்துப் போனால் அவர் டின்னுக்குள் பார்த்ததும் சொல்லிவிடுவார். ஓமப்பொடியின் கனம் அச்சின் துளையைப் பொறுத்தது, இரண்டு கூடங்களின் ஓமப்பொடி ஒரே கனத்தில் இருப்பது அரிது.

இவற்றையெல்லாம்விடச் சிறந்த காவல், கூடுமானவரை சீல் வைத்த பாக்கெட்டாகவே விற்பதுதான். சில்லறையாக நிறுத்துக் கொடுப்பதில் கூட்டம் கூடும் என்பது உண்மை. ஆனால் பிரான்சைஸ் கடைகளில் அந்தக் கூட்டத்துக்காகக் கட்டுப்பாட்டை விலையாகக் கொடுக்கிறீர்கள். சொந்தக் கிளைகளில் டின்னும், பிரான்சைஸில் பாக்கெட்டும் என்று பிரித்து வைத்திருப்பதை நான் குறை சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் கடையிலேயே சூடாக பஜ்ஜி, போண்டா போட அனுமதி கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

விற்பனை கூடும், ஆனால் கடையின் தன்மையே மாறிவிடும். கூடத்திலிருந்து வரும் பாக்கெட்டை விற்கும் இடத்தில் தவறுவதற்கு அதிகம் இல்லை. அடுப்பும் வாணலியும் வந்துவிட்டால் தரம் அந்தக் கடையின் எண்ணெயைப் பொறுத்ததாகிவிடும். பொரிக்கும் எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை அளக்கும் கையடக்கக் கருவியும் கிடைக்கிறது. ஆனால் கருவி இருந்தாலும், விலை உயர்ந்த எண்ணெயைக் கீழே ஊற்ற வேண்டியவர் தன் சொந்தக் காசில் வாங்கியவர். தயக்கம் அங்கேதான் வருகிறது.

அனுமதிப்பதாக இருந்தால், முதலில் சொந்தக் கிளை ஒன்றில் ஆறு மாதம் நடத்தி, ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் கழிக்க வேண்டியிருக்கிறது என்ற அளவைக் கையில் வைத்துக்கொண்டு கொடுங்கள். அப்போது கழித்த எண்ணெயைத் திரும்பப் பெறும் அளவை வைத்தே கடை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். பக்கத்து அடுப்பின் சூடு பட்டு, கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் முறுக்கு விரைவில் சிக்கு வாடை அடிக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே தடுப்பு வேண்டும்.

விற்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுமா?

ஓரளவுக்கு எடுக்க வேண்டும். எதையும் எடுக்க மாட்டோம் என்றால் கடைக்காரர் பயந்து குறைவாக ஆர்டர் போடுவார், அல்லது முன்னரே சொன்னபடி நாள் கடந்ததை விற்றுவிடுவார். எல்லாவற்றையும் எடுப்போம் என்றால் கணக்கில்லாமல் ஆர்டர் போடுவார். வாங்கிய மதிப்பில் 2 சதவீதம் வரை, காலாவதிக்கு ஒரு வாரத்துக்கு முன்பே எடுத்து வைத்துவிட்டால் மாற்றித் தருவோம் என்பது போன்ற வரம்பு இருவருக்கும் ஒத்துவரும். திரும்பி வந்ததை இன்னொரு கடைக்கு அனுப்பும் பழக்கம் மட்டும் வேண்டாம், அழித்துவிடுங்கள்.

சரக்கைக் கடனுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். பணம் வந்த பிறகு வண்டி கிளம்பட்டும். ஒரு வாரக் கடன் என்பது தீபாவளிக்கு முன் மூன்று வாரமாகும்; பிறகு, கடையை மூடினால் பாக்கி போய்விடும் என்ற பயத்தாலேயே ஓடாத கடைக்குச் சரக்கு அனுப்பிக்கொண்டிருப்பீர்கள். முதலீடு இல்லாமல் வளர்வதுதான் பிரான்சைஸின் லாபம் என்று மேலே பார்த்தோம். கடன் கொடுத்தால் அந்த முதலீடு பின்வாசல் வழியாக உங்களிடமே வந்துசேர்கிறது.

லைசென்ஸ், ஜி.எஸ்.டி., பி.எஃப். இதெல்லாம் யார் பெயரில் இருக்க வேண்டும்? புகார் வந்தால் யார் மாட்டுவது?

உணவுப் பாதுகாப்பு உரிமமோ பதிவோ ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியாக வேண்டும். பிரான்சைஸில் அது கடைக்காரர் பெயரிலும், சொந்தக் கிளையில் நிறுவனத்தின் பெயரிலும் இருக்கும். உங்கள் உரிம எண்ணைக் கடையில் எழுதி வைத்துவிட்டு விற்க விடாதீர்கள். ஜி.எஸ்.டி.யில், ஒரே மாநிலத்துக்குள் ஒரே பதிவின் கீழ் இருக்கும் சொந்தக் கிளைக்குச் சரக்கு போவது விற்பனை ஆகாது; டெலிவரி சலான் போதும். பிரான்சைஸுக்குப் போவது விற்பனை. அப்போதே வரி பில் போட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் பாக்கெட் காரவகைகளுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டதால் இதில் முடங்கும் பணமும் குறைந்திருக்கிறது. வருங்கால வைப்பு நிதிக்கு, கூடத்தையும் எல்லாக் கிளைகளையும் சேர்த்து ஒரே நிறுவனமாகத்தான் எண்ணுவார்கள். கடைக்கு மூன்று பேர்தானே என்று இருந்துவிட்டால், ஐந்தாறு கிளைகளில் 20 பேர் என்ற எல்லையைத் தாண்டியது தெரியாமலே போகும்.

புகார் வந்தால், 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் தயாரிப்பவருக்கும் விற்பவருக்கும் தனித்தனிப் பொறுப்பு வைத்திருக்கிறது. சீல் உடையாத பாக்கெட்டில் குறை என்றால் கேள்வி உங்களை நோக்கி வரும். காலாவதி ஆனதை விற்றதும், சுகாதாரமற்ற இடத்தில் வைத்திருந்ததும் விற்பவரின் பொறுப்பு. ஆகையால் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் இரண்டு பாக்கெட்டைக் கூடத்தில் எடுத்துவைத்து, காலாவதி நாள்வரை பாதுகாப்பது மலிவான காப்பீடு. சட்டப்படி யார் பொறுப்பானாலும், செய்தியில் வருவது போர்டில் இருக்கும் பெயர்தான். அந்த இழப்பைப் பிரான்சைஸ் ஒப்பந்தத்தால் யார் தலையிலும் மாற்ற முடியாது.

ஒப்பந்தம் முடிந்ததும் அதே இடத்தில் வேறு பெயரில் கடை போட்டுவிட்டால் என்ன செய்வது?

இந்தியாவில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம்தான் அடிப்படை. அதன் 27ஆவது பிரிவின்படி, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது போட்டிச் சரக்கை விற்கக் கூடாது என்ற நிபந்தனையை நீதிமன்றங்கள் ஏற்கின்றன. குளிர்பான நிறுவனம் ஒன்றின் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. முடிந்த பிறகு மூன்றாண்டு காரவகைக் கடையே வைக்கக் கூடாது என்று எழுதி வாங்குவது பெரும்பாலும் காகிதத்தோடு நின்றுவிடும்.

தடுக்க முடிந்தவை வேறு. பெயரும் முத்திரையும் 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி பதிவாகியிருந்தால், அவற்றைப் பயன்படுத்துவதை நிறுத்தலாம். முறுக்கு, மிக்சருக்கு 30ஆம் வகுப்பு, சிப்ஸுக்கு 29, கடை நடத்துவதற்கு 35. முதல் பிரான்சைஸுக்கு முன்பே இந்த மூன்றிலும் விண்ணப்பித்துவிட வேண்டும். இடம் முக்கியம் என்றால், வாடகை ஒப்பந்தத்தை உங்கள் பெயரில் எடுத்து, உரிமையாளரின் எழுத்துப்பூர்வச் சம்மதத்துடன் கடைக்காரருக்கு உள்வாடகைக்கு விடலாம்; ஆனால் அவர் வாடகை தராவிட்டால் கொடுக்க வேண்டியவர் நீங்கள். கடையின் தொலைபேசி எண், கூகுள் மேப் பதிவு, உணவு விநியோகச் செயலிக் கணக்கு மூன்றும் நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். வாடிக்கையாளர் தேடி வருவது அவற்றின் வழியாகத்தான். முடிந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

ஒருவர் மதுரை, திண்டுக்கல், தேனி மூன்று மாவட்டத்தையும் மொத்தமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?

வேகமாக வளர இதைவிட எளிய வழி இல்லை. மீள இதைவிடக் கடினமான வழியும் இல்லை. மெக்டொனால்ட்ஸ் இந்தியாவின் வடக்கு, கிழக்குப் பகுதிகளை ஒரே கூட்டாளியுடன் கூட்டு நிறுவனமாக நடத்தியது. 2013இல் அவரை நிர்வாக இயக்குநர் பொறுப்பிலிருந்து நீக்கியதும் சண்டை மூண்டது. 2017இல் 169 கடைகளுக்கான உரிமத்தையே ரத்து செய்த பிறகும் அவற்றில் பல அதே பெயரில் இயங்கின. 2019 மே மாதம் அவருடைய பங்கை விலைக்கு வாங்கித்தான் அது முடிந்தது. வழக்கறிஞர்களுக்குப் பஞ்சமில்லாத நிறுவனத்துக்கே ஆறு ஆண்டு பிடித்தது.

நடுவில் ஒருவர் வந்தால் லாபத்திலும் ஒரு பங்கு போகும். மேலே சொன்ன 20 சதவீதத் தயாரிப்பு லாபத்தில் 6 சதவீதத்தை அவருக்குக் கொடுத்தால் உங்களிடம் 14தான். கூடத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால், உங்களால் மாதம் ஒருமுறை போக முடியாத பகுதி என்றால் அது தகும். அப்போதும் முதலில் ஒரு மாவட்டம், இரண்டாண்டில் இத்தனை கடை, திறக்காவிட்டால் உரிமை தானாகவே விலகும் என்று எழுதுங்கள். அவருடைய கீழ்க்கடைகள் ஒவ்வொன்றும் உங்களுடனும் கையெழுத்திட வேண்டும்; அவர் விலகினாலும் கடைகள் உங்களிடம் தங்க அதுதான் வழி.

பணம் மட்டும் அவர் போடட்டும், கடையை நாங்களே நடத்தி, மாதம் இவ்வளவு என்று கொடுத்துவிடுகிறோம். இது நல்ல நடுவழி அல்லவா?

கேட்பதற்கு நன்றாக இருக்கும். ஆனால் அந்த 15 லட்சத்துக்கு மாதம் 25,000 ரூபாய் உறுதி என்றால், அது ஆண்டுக்கு 20 சதவீத வட்டிக் கடன். சொந்தக் கிளையாக நடத்தினால் 6 லட்சம் கடையில் நிற்பது 4,000 ரூபாய் என்று இரண்டாவது பதிலில் பார்த்தோம். மீதியைத் தயாரிப்பு லாபத்திலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். நாலைந்து கடைகள் சரியாக ஓடாத நிலையில், புதிய முதலீட்டாளரின் பணத்திலிருந்து பழையவருக்குக் கொடுக்கும் இடத்துக்கு வந்து நிற்பீர்கள்.

அதைவிட முக்கியமானது சட்டம். பொதுமக்களிடம் பணம் வாங்கி உறுதியான தொகையைத் திருப்பித் தருவதாகச் சொல்வது, பிரான்சைஸ் என்ற பெயரில் இருந்தாலும் வைப்புத்தொகை திரட்டுவதாகக் கருதப்படலாம். முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும், முதலீட்டாளர் நலனுக்கான 1997ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டமும் இருக்கின்றன. இவற்றின்படி வருவது குற்ற வழக்கு. பணம் போடுபவர் கடையின் லாபத்திலும் நஷ்டத்திலும் பங்கு கொள்வதாக இருந்தால், முறையான கூட்டு வணிகமாக வழக்கறிஞரைக் கொண்டு எழுதுங்கள். உறுதித் தொகை என்ற சொல்லே விளம்பரத்தில் வரக் கூடாது.

எங்களிடம் இப்போது மூன்று சொந்தக் கடைகள். பிரான்சைஸ் தொடங்க இது போதுமா?

எண்ணிக்கையைவிட, மூன்றும் எப்படிப்பட்டவை என்பதைப் பாருங்கள். மூன்றும் நீங்கள் குடியிருக்கும் ஊரில், உங்கள் முகத்துக்காக வாடிக்கையாளர் வரும் கடைகள் என்றால், அவற்றின் விற்பனையைக் காட்டி வெளியூர்க்காரரிடம் பணம் வாங்குவது நியாயமாகாது. உங்களை யாரும் அறியாத ஊர் ஒன்றில், சராசரி வாடகையில், சம்பள ஆளை வைத்து ஒரு கடையை ஒரு தீபாவளியும் ஓர் ஆடி மாதமும் வருமாறு முழு ஆண்டு நடத்திப் பாருங்கள். அந்த மாதாந்தர எண்கள்தான் கடை எடுக்க வருபவரிடம் காட்ட வேண்டியவை. ஆடியில் விற்பனை எவ்வளவு படுத்தது என்பதையும் மறைக்காமல் காட்டுங்கள்.

கூடத்தையும் பார்க்க வேண்டும். 6 லட்சம் விற்கும் கடைக்கு, கிலோ சராசரியாக 400 ரூபாய் என்றால் மாதம் 1,500 கிலோ, அதாவது நாளுக்கு 50 கிலோ சரக்கு வேண்டும். தீபாவளிக்கு முந்தைய பத்து நாளில் அது பல மடங்காகும். ஐந்து பிரான்சைஸ் கொடுத்துவிட்டு, அந்தப் பத்து நாளில் சொந்தக் கடைக்கு முதலில் சரக்கை நிரப்பிக்கொண்டு மற்றவர்களைக் காத்திருக்க வைத்தால், ஆண்டின் பெரிய வருமானத்தை இழந்தவர்கள் அடுத்த ஆண்டு வெளிச்சரக்கை முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பார்கள். கூடத்தின் உச்ச அளவை முதலில் எழுதி, அதைத் தாங்கும் எண்ணிக்கையில் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். தட்டுப்பாடு வந்தால் எல்லாக் கடைகளுக்கும் ஒரே விகிதத்தில் குறைக்கப்படும் என்ற வரி ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.